நெல் குடோனில் இருப்பு குறைந்தால்: காய்ந்தது எவ்வளவு, களவு போனது எவ்வளவு?

தை, மாசியில் ஈரத்தோடு வாங்கி அட்டி போட்ட சம்பா நெல்லை மார்ச் 31 அன்று எடை போட்டால், புத்தகத்தில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதில் ஆச்சரியம் இல்லை. குறைந்த எடை முழுவதையும் "காய்ந்துபோச்சு" என்று ஒரே வரியில் எழுதி முடிப்பதுதான் சிக்கல். அந்த ஒரு வரிக்குள் சாக்கு எடைத் தவறு, சிந்தல், எலி, திருட்டு எல்லாமே ஒளிந்துகொள்ளும். இந்த வருடம் திருட்டும் சேர்ந்து 8 சதவீதம் கழிவு என்று பதிவானால், அடுத்த வருடம் 8 சதவீதம்தான் வழக்கமான கழிவு ஆகிவிடும். எடுத்தவருக்கு நிரந்தர அனுமதி கொடுத்தது போலாகும்.

நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் இருக்கும் நடுத்தர ரைஸ் மில் ஒன்றின் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஒரே குடோன், ஒரே ரகம். தை கடைசியில் வாங்கிய முதல் லாட் 1,20,000 கிலோ, ஈரப்பதம் 18 சதவீதம். மாசியில் வாங்கிய இரண்டாம் லாட் புத்தகப்படி 80,500 கிலோ, ஈரப்பதம் 16 சதவீதம். மொத்த வரவு 2,00,500 கிலோ. இடையில் அரவைக்கு 75,000 கிலோ போயிருக்கிறது. வெளியே போகும்போது ஈரப்பதம் 15 சதவீதம். புத்தக இருப்பு 1,25,500 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டால் கிடைத்தது 1,15,200 கிலோ. குறைவு 10,300 கிலோ. இதில் எது கழிவு, எது களவு என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான் வேலை.

எண்ணுவதற்கு முன் காகிதத்தைச் சரிசெய்யுங்கள்

சரிபார்ப்பு நாளன்று காலையில் வரவையும் செலவையும் நிறுத்துங்கள். கடைசி வரவுச் சீட்டு எண், அரவைக்குக் கொடுத்த கடைசிச் சீட்டு எண், கடைசி கேட் பாஸ் எண், கடைசி எடைமேடைச் சீட்டு எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, குடோன் பொறுப்பாளரும் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போடட்டும். லாரி உள்ளே வந்து இறக்கிய நெல்லுக்குப் புத்தகத்தில் பதிவு இல்லாமல் இருக்கலாம். பில் பதிவாகி, நெல் இன்னும் களத்திலேயே கிடக்கலாம். இப்படிப்பட்ட வெட்டுப்புள்ளித் தவறுகளைத் தீர்க்காமல் எண்ணினால், வராத நெல்லைத் தேடி ஆளைச் சந்தேகப்படும் நிலை வரும்.

அடுத்து சாக்கு எடை. புதிய 50 கிலோ சணல் சாக்கு ஒன்று சுமார் 580 கிராம் இருக்கும். எடைமேடையில் லாரியின் வெற்று எடையைக் கழித்தபின் வருவது நெல்லும் சாக்கும் சேர்ந்த எடை. சாக்கைக் கழிக்காமல் பதிந்தால் இல்லாத நெல் புத்தகத்தில் ஏறிவிடும். நம் கணக்கில் இரண்டாம் லாட்டின் ஒரு பகுதியில், 860 சாக்குக்கு இது நடந்திருக்கிறது. 860 × 0.58 = 499 கிலோ; 500 என்று வைத்துக்கொள்வோம். இந்த 500 கிலோ குடோனுக்குள் வரவே இல்லை. கொடுத்தவரிடம் கேட்க வேண்டிய தொகை இது, கழிவுக் கணக்கில் சேராது. இதைத் திருத்தினால் இரண்டாம் லாட் 80,000 கிலோ, மொத்த வரவு 2,00,000 கிலோ, புத்தக இருப்பு 1,25,000 கிலோ.

எடைமேடைச் சீட்டுகளைப் புரட்டும்போது ஒரே லாரியின் வெற்று எடையை ஒவ்வொரு நடைக்கும் ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் அளவால் கொஞ்சம் மாறும். அதற்கு மேல் ஒரு நடையில் மட்டும் வெற்று எடை குறைந்திருந்தால், நிறை எடை போடும்போது கிளீனர் வண்டியிலேயே இருந்து, வெற்று எடையின்போது இறங்கியிருக்கலாம். அல்லது தண்ணீர்க் கேனை இறக்கியிருக்கலாம். அந்த நடையின் மூட்டை எண்ணிக்கையால் நிகர எடையை வகுத்துப் பாருங்கள். மற்ற நடைகளில் சிப்பம் 40 கிலோ வர, இதில் மட்டும் 40.8 என்று வந்தால் திருட்டு நடந்த இடம் எடைமேடை. குடோன் ஆட்களை விசாரித்துப் பயன் இல்லை.

அட்டியை எப்படி எண்ணுவது

முன்பக்கம் நின்று நீளம், அகலம், உயரம் பார்த்துப் பெருக்குவதோடு நிறுத்தாதீர்கள். வெளிச்சுவர் ஒழுங்காக நிற்க, நடுவில் மூட்டைகளை உருவிக் குழி விட்டிருப்பது குடோன் திருட்டில் மிகப் பழைய வழி. சுவரோடு ஒட்டிப் போட்ட அட்டியில் பின்வரிசை இல்லாமலே இருக்கும். வெளியிலிருந்து தெரியவே தெரியாது. ஆகவே மேலே ஏறிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு வரிசையையாவது மேலிருந்து கீழ்வரை பிரிக்க வேண்டும். முடிந்தால் அட்டி முழுவதையும் இடம் மாற்றி அடுக்கி, மாற்றும்போதே எடை போடுங்கள். கூலி செலவுதான், ஆனால் அதற்கு இணையான சான்று வேறு இல்லை. முழுதாக முடியாவிட்டால் பத்துக்கு ஒரு மூட்டை வீதம், வாசல் பக்கம், சுவர்ப் பக்கம், மேலடுக்கு, நடு, அடியடுக்கு என்று பிரித்தெடுத்து எடை போடுங்கள். வாசல் பக்க மூட்டைகளை மட்டும் எடுத்தால் முடிவு தவறாகும்.

எண்ணிக்கை, எடை இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்த எடையை மட்டும் எழுதினால் பிறகு எதையும் பிரிக்க முடியாது.

குத்தூசியால் மாதிரி எடுக்கும்போதும் அதே ஐந்து இடங்கள். வெளி மூட்டை சீக்கிரம் காயும், நடு மூட்டை மெதுவாகக் காயும். வெளி மூட்டையில் மட்டும் ஈரம் பார்த்தால் நெல் உண்மையில் காய்ந்ததைவிட அதிகம் காய்ந்ததாகக் காட்டும். மாதிரிகளைக் கலக்காமல் ஒவ்வொன்றாக அளந்து, பிறகு சராசரி எடுங்கள். ஈரமானியில் நெல்லுக்கான அமைப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரிசிக்கான அமைப்பில் நெல்லை அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. டிரையரிலிருந்து சூடாக வந்த நெல்லை ஆறவிடாமல் அளந்தாலும் தவறாகக் காட்டும். வாங்கும்போது எந்த ஈரமானியோ, சரிபார்க்கும்போதும் அதே ஈரமானி இருக்கட்டும். மூன்று நான்கு மாதிரிகளை அடுப்பில் உலர்த்தி அளக்கும் பரிசோதனைக் கூடத்துக்கும் அனுப்பி, ஈரமானி எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இது ஏன் முக்கியம் என்பது கீழே தெரியும்.

நம் குடோனில் கிடைத்தது: 3,038 மூட்டை, கூட்டிச் சலித்த சிந்து நெல்லும் சேர்த்து 1,15,200 கிலோ, சராசரி ஈரப்பதம் 13.5 சதவீதம்.

உலர் எடைக்கு மாற்றுங்கள்

பலர் செய்யும் தவறு: 18-லிருந்து 13.5 ஆனதால் 4.5 சதவீதம் குறைவு என்று கழிப்பது. எடை அப்படிக் குறையாது. நெல்லில் மாறாமல் இருப்பது தண்ணீர் நீங்கிய பகுதி. அதை உலர் எடை என்போம். தண்ணீர் போகும், வரும். உலர் எடை அதன் போக்கில் மாறாது. எனவே எல்லா வரவையும் செலவையும் இருப்பையும் உலர் எடைக்கு மாற்றிக் கழிக்க வேண்டும்.

```
உலர் எடை = எடை × (100 − ஈரப்பதம்) ÷ 100
எதிர்பார்க்கும் எடை = உலர் எடை × 100 ÷ (100 − இன்றைய ஈரப்பதம்)
```

முதல் லாட் 1,20,000 × 0.82 = 98,400. இரண்டாம் லாட் 80,000 × 0.84 = 67,200. மொத்த உலர் வரவு 1,65,600 கிலோ. அரவைக்குப் போனது 75,000 × 0.85 = 63,750. மிச்சம் இருக்க வேண்டிய உலர் எடை 1,01,850 கிலோ. இன்றைய 13.5 சதவீத ஈரத்தில் அது 1,01,850 ÷ 0.865 = 1,17,746 கிலோவாக நிற்க வேண்டும்.

புத்தகத்தின் 1,25,000-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 7,254 கிலோ. அது வெறும் தண்ணீர். அரவைக்குப் போன நெல் குடோனில் கிடந்தபோது இழந்த ஈரமும் இதில் அடங்கும். இருப்பை மட்டும் பார்த்துச் சதவீதம் போட்டால் அந்தப் பகுதி விட்டுப்போய், நல்ல பொறுப்பாளர் மேல் பழி விழும்.

இந்த முறை எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடோன் நெல் காற்றிலிருந்து ஈரம் இழுத்து எடை கூடும். அப்போது பத்து மூட்டை காணாமல் போனாலும் மொத்த எடை புத்தகத்தோடு ஒத்துப்போகும். எடுத்ததை மறைக்க அட்டியில் தண்ணீர் தெளித்தாலும் அதே கதை. எடை சரியாக இருந்து உலர் எடை குறைந்திருந்தால், சரிபார்ப்பு வெற்றி என்று கையெழுத்துப் போடக்கூடாது. தெளித்த தண்ணீர் மேலடுக்கிலும் வெளி மூட்டையிலும்தான் நிற்கும். மழைக்கால ஈரமும் வெளியிலிருந்துதான் ஏறும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் திட்டுத் திட்டாக ஏறாது.

ஒரு வரம்பும் உண்டு. ஈரம் அதிகமாக அட்டி போட்டு உள்ளே சூடேறிய நெல் மூச்சுவிட்டு உலர் பொருளையே கொஞ்சம் இழக்கும். முளைவிட்ட மூட்டையும் அப்படித்தான். அட்டிக்குள் கை வைத்தால் சூடு, புளித்த வாடை, நெல் பழுப்பு நிறம் தெரியும். அந்த மூட்டைகளைத் தனியாக எண்ணி, சேதமடைந்த சரக்கு என்று தனிக் கணக்கில் வையுங்கள். இடையில் கருக்காய், தூசி நீக்கச் சலித்திருந்தால் நீக்கியதன் எடையும் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் காணாமல் போன நெல்லாகத் தெரியும்.

கையாளல் சேதம்: உங்கள் குடோனின் சொந்த எண்

இருக்க வேண்டியது 1,17,746, இருப்பது 1,15,200. தண்ணீரைக் கழித்தபின் குறைவு 2,546 கிலோ. இதில் வழக்கமான சிந்தல், எலி, புழு, தூசி எவ்வளவு?

பக்கத்து மில்லில் ஒரு சதவீதம் விடுகிறார்கள் என்று எடுக்காதீர்கள். உங்கள் குடோனில் ஓர் அட்டி முழுதாகக் காலியாகும் நாள்தான் உண்மையைச் சொல்லும். அந்த அட்டிக்குள் வந்த உலர் எடை, போன உலர் எடை, கடைசியில் கூட்டிச் சலித்துத் திரும்பிய நல்ல நெல் ஆகிய மூன்றையும் எழுதினால், திரும்ப வராதது எவ்வளவு என்று தெரிந்துவிடும். இரண்டு சாவி, இரண்டு பேர் பொறுப்பில் இருந்த அட்டிகளில் இந்தக் கணக்கைப் பார்த்துச் சராசரி எடுங்கள். இந்தச் சேதம் மாதத்தைப் பொறுத்து ஏறுவதைவிட மூட்டையைத் தூக்கி இறக்கும் எண்ணிக்கையைப் பொறுத்தே அதிகம் ஏறும். அதனால் சதவீதத்தை மீதி இருப்பின் மேல் போடாமல், கையாண்ட மொத்த வரவின் மேல் போடுங்கள்.

நம் மில்லின் பழைய அட்டிகள் கொடுத்த எண் 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,65,600-ல் அது 994 கிலோ உலர் எடை. இன்றைய ஈரத்தில் 1,149 கிலோ. மிச்சம் 2,546 − 1,149 = 1,397 கிலோ.

இந்த 0.6-ஐக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். கழிவு தடயம் விடும். சிந்தினால் தரையில் கூட்டல் நெல் இருக்கும். எலி என்றால் கடித்த சாக்கு, புழுக்கை, அட்டி ஓரத்தில் உமித் துகள். புழு என்றால் மூட்டையை உதறும்போது மாவுபோல் தூள். இந்த வருடம் சலித்த நெல்லும் தூசியும் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்து, கணக்கில் மட்டும் சேதம் கூடியிருந்தால் அது சேதம் அல்ல. சாக்கு நன்றாக, தரை சுத்தமாக, நெல் மட்டும் குறைவாக இருக்கும் குடோனில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

மிச்சமுள்ள 1,397 கிலோ திருட்டா?

இப்போதே திருட்டு என்று எழுதிவிடக்கூடாது. முதலில் ஈரமானியின் தவறு இதை எவ்வளவு நகர்த்தும் என்று பாருங்கள். உண்மை ஈரம் 13.0 ஆக இருந்தால் விளக்கமில்லாத குறைவு சுமார் 726 கிலோ. 14.0 ஆக இருந்தால் சுமார் 2,074 கிலோ. அரைப் புள்ளித் தவறு கிட்டத்தட்ட பதினேழு பதினெட்டு மூட்டை. அதனால்தான் கூடத்துக்கு மாதிரி அனுப்பச் சொன்னது. எடைக் கணக்கு மட்டும் இருந்தால் "ஏதோ குறைகிறது" என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

அங்கேதான் மூட்டை எண்ணிக்கை கைகொடுக்கும். வரவு 5,000 சிப்பம், ஒவ்வொன்றும் 40 கிலோ. அரவைக்குப் போனது 1,925 மூட்டை. புத்தகப்படி 3,075 இருக்க வேண்டும், எண்ணியது 3,038. குறைவு 37 மூட்டை.

இனி மூட்டையின் எடை. 40 கிலோவில் கட்டிய மூட்டை, சராசரி 17.2 சதவீத ஈரத்திலிருந்து 13.5-க்கு இறங்கினால் 38.29 கிலோ நிற்கும். கையாளல் சேதத்தையும் கழித்தால் 37.92. குடோனில் எடை போட்ட சராசரி 1,15,200 ÷ 3,038 = 37.92. அதாவது இருக்கும் மூட்டைகள் எல்லாம் இருக்க வேண்டிய எடையில் இருக்கின்றன. குறைவது மூட்டை எண்ணிக்கையில். 37 × 37.92 = 1,403 கிலோ; விளக்கமில்லாத 1,397-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஈரமானி வழியாக வந்த எண்ணும், கையால் எண்ணி வந்த எண்ணும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. மூட்டை காய்ந்து எண்ணிக்கை குறையாது. எலி முழுச் சாக்கோடு இழுத்துப்போகாது. முழு மூட்டைகள் வெளியே போயிருக்கின்றன என்று இப்போது சொல்லலாம்.

கணக்கு இப்படி ஒத்துப்போகாத நேரமும் வரும். எண்ணிக்கை சரியாக இருந்து, எல்லா மூட்டையும் ஒரே அளவு எடை குறைந்திருந்தால் வரவுத் தவறு அல்லது ஈரம் எழுதியதில் தவறு. வாங்கும்போது 18 இருந்ததை 16 என்று எழுதினால் இப்படித்தான் தெரியும். எண்ணிக்கை சரியாக இருந்து, வாசல் பக்கத்துக் கீழ் வரிசை மூட்டைகள் மட்டும் ஒழுங்கில்லாமல் குறைந்தால் சாக்கில் குழாய் செருகி நெல் வடித்திருக்கிறார்கள். அந்த மூட்டைகளின் ஈரம் பக்கத்து மூட்டையோடு ஒத்திருக்கும், தையல் நூல் மாறியிருக்கும், நெய்த சணலில் விரல் நுழையும் அளவு இழை விலகியிருக்கும். எண்ணிக்கை குறைந்து மூட்டை எடை மட்டும் கூடியிருந்தால் தண்ணீர் தெளித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே போனது உறுதியான பிறகும் எப்படிப் போனது என்பது தனிக் கேள்வி. கேட் பாஸ் இல்லாமல் போனதா, அல்லது அரவைக்கு 1,925 என்று எழுதி 1,962 போனதா? இரண்டாவது நடந்திருந்தால் காலிச் சாக்குப் பதிவேட்டில் 37 சாக்கு அதிகம் திரும்பியிருக்கும். மில் பக்கம் நெல் அளவுக்கு அரிசி, உமி, தவிடு, குருணை மொத்தமும் கூடியிருக்கும். 75,000 கிலோ அரைத்ததாக எழுதி, வெளிவந்தவை கூட்டினால் அதற்கு மேல் நின்றால் நெல் காணாமல் போகவில்லை, பதிவுதான் விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒன்றைப் பார்க்காமல் வாட்ச்மேனைக் கூப்பிட்டு விசாரிப்பது அநியாயம்.

புத்தகத்தில் எப்படி எழுதுவது

வாங்கிய விலை கிலோ ₹24 என்று வைப்போம். சாக்கு எடைக்கு அதிகம் கொடுத்த 500 × 24 = ₹12,000. கொடுத்தவர் கணக்கில் பற்று, கொள்முதலில் வரவு. இதற்கு டெபிட் நோட்டு அனுப்புங்கள். மீதிக் கொள்முதல் ₹48,00,000.

ஈரக் குறைவுக்கும் கையாளல் சேதத்துக்கும் நஷ்டக் கணக்கு கிடையாது. அது நல்ல நெல்லின் விலையில் ஏறிவிடும். உலர் எடை 1,65,600-ல் வழக்கமான 994-ஐக் கழித்தால் 1,64,606. ₹48,00,000-ஐ இதால் வகுத்தால் உலர் கிலோ ₹29.16. இன்றைய 13.5 சதவீத ஈரத்தில் கிலோ ₹25.22. இறுதி இருப்பு இந்த விலையில்தான் மதிப்பிட வேண்டும்: 1,15,200 × 25.22 = ₹29,05,344. ₹24-லேயே மதிப்பிட்டால் இருப்பு குறைந்து, தண்ணீருக்கும் நஷ்டம் எழுதியதாகிவிடும். சந்தையில் விற்று வரக்கூடிய விலை இதைவிடக் குறைந்திருந்தால் மட்டும் அந்தக் குறைந்த விலைக்கு இறக்குங்கள்.

களவு என்று பிரித்த 1,397 கிலோ நல்ல நெல்லின் விலையிலேயே வெளியே வர வேண்டும்: 1,397 × 25.22 = ₹35,232. "சரக்குக் குறைவு, விசாரணையில்" என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் பற்று வையுங்கள். வியாபாரக் கணக்கில் வரவு. இருப்பின் மதிப்பில் வழக்கத்துக்கு மாறான கழிவைச் சேர்க்கக் கூடாது என்பது இருப்புக் கணக்கியல் தரநிலை 2 சொல்வது. வழக்கமானது விலைக்குள், வழக்கத்துக்கு மாறானது நேராக லாப நஷ்டத்துக்கு. விசாரணை முடிந்ததும் இந்தக் கணக்கைக் காலி செய்யுங்கள்: ஊழியரிடமோ காப்பீட்டிலோ வந்தது போக மிச்சம் லாப நஷ்டக் கணக்கில் தனி வரியாக.

டேலியில் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. `Physical Stock` வவுச்சரில் எண்ணிய அளவை அடித்தால் இருப்பு அந்த எண்ணுக்கு மாறிவிடும். மதிப்பு வித்தியாசம் சத்தமில்லாமல் மொத்த லாபத்துக்குள் போய்விடும், காரணம் எங்கும் பதிவாகாது. அதற்குப் பதில் `Stock Journal` வவுச்சரில் ஈரக் குறைவு, கையாளல் சேதம், விசாரணையில் உள்ள குறைவு என்று மூன்று தனி வவுச்சர் போடுங்கள். ஒவ்வொன்றிலும் குறிப்புப் பகுதியில் ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, சரிபார்ப்புத் தாள் எண் எழுதுங்கள். அளவு மட்டும் குறைய வேண்டிய முதல் இரண்டில் மதிப்பு பூஜ்யம்.

வரி, போலீஸ், காப்பீடு

நெல்லுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதனால் இந்த 37 மூட்டையில் திருப்பிக் கட்ட வேண்டிய உள்ளீட்டு வரி வரவு பெரிதாக எதுவும் வராது. அதே குடோனில் லேபிள் ஒட்டிய 25 கிலோ அரிசிப் பையோ, பூச்சிமருந்தோ குறைந்தால் கதை வேறு. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் பிரிவு 17(5)(h)-ன்படி தொலைந்த, திருடுபோன, அழிந்த, கணக்கிலிருந்து தள்ளிய சரக்குக்கு வரி வரவு கிடையாது. எடுத்திருந்தால் `GSTR-3B`-ல் `4(B)(1)` வரியில் திருப்ப வேண்டும். உற்பத்தியிலேயே இயல்பாக வரும் கழிவு இந்தப் பிரிவுக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ஓர் இரும்பு உற்பத்தி நிறுவன வழக்கில் சொன்னது. ஆகவே கழிவையும் களவையும் பிரித்து எழுதாதவர் கழிவுக்கும் சேர்த்து வரி திருப்ப நேரிடலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிவு 35(6)-ன்படி கணக்குக் காட்டாத சரக்கை விற்றதாகவே கொண்டு வரி கேட்கலாம். விதி 56 தொலைந்த, திருடுபோன, தள்ளிய சரக்கையும் கழிவையும் இருப்புப் பதிவேட்டில் காட்டச் சொல்கிறது. ஈரப் பதிவு இல்லாமல் 8 சதவீதக் குறைவு எழுதியிருந்தால் அதிகாரிக்கு அது பில் இல்லாமல் விற்ற நெல்லாகத்தான் தெரியும்.

வருமான வரியில், ஊழியர் கையாடலால் வரும் நஷ்டம் தொழிலோடு ஒட்டியது, கழிக்கத் தக்கது என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் பத்ரிதாஸ் தாகா வழக்கில் தீர்ப்பளித்தது. கண்டுபிடித்த வருடத்தில் கழிக்கலாம் என்று 1965-ல் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கையும் வந்தது. வரித் தணிக்கைக்கு உட்பட்டவர் அந்த அறிக்கையின் அளவு விவரத்தில் தொடக்க இருப்பு, கொள்முதல், பயன்பாடு, விளைச்சல் சதவீதம், குறைவு எல்லாம் காட்ட வேண்டியிருக்கும். மேலே போட்ட தாள் அங்கே அப்படியே உதவும்.

ஆள் உறுதியானாலும் இல்லாவிட்டாலும், முழு மூட்டை போயிருப்பது தெளிவானதும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். குடோன் பொறுப்பில் வைத்த ஊழியரே எடுத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 306 (ஊழியர் செய்யும் திருட்டு), 316(4) (ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி) பிரிவுகள் பொருந்தும். புகாரில் "சுமார் ஒரு டன் நெல்" என்று எழுதாமல் 37 மூட்டை, 1,397 கிலோ, ₹35,232, கடைசியாகச் சரியாக எண்ணிய தேதி, குறைவு தெரிந்த தேதி என்று எழுதுங்கள். சம்பளத்தில் பிடிக்க நினைத்தால், அவர் பொறுப்பில் ஒப்படைத்ததற்கும் அவர் தவறுக்கும் ஆதாரம் வேண்டும். பிடிக்கும் முன் விளக்கம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சரிபார்ப்புத் தாளில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

காப்பீட்டைப் பற்றிப் பலருக்கு ஏமாற்றம் வரும் இடம் இது. தீக் காப்பீடு திருட்டுக்குக் கிடையாது. திருட்டுக் காப்பீடு பெரும்பாலும் பூட்டை உடைத்தோ கூரையைப் பிரித்தோ நுழைந்த அடையாளம் கேட்கும். சரக்கு எண்ணும்போது தெரியவந்த விளக்கமில்லாத குறைவை விலக்கியே வைத்திருக்கும். ஊழியர் நேர்மைக் காப்பீடு தனி பாலிசி. அதிலும் எண்ணிக்கைக் குறைவு மட்டும் போதாது, குறிப்பிட்ட ஊழியரின் செயல் என்று காட்ட வேண்டும். பாலிசியில் தகவல் தர எத்தனை நாள் என்று பார்த்து, விசாரணை முடியக் காத்திருக்காமல் முதல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.

நெல்லை ஈடு வைத்து வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அடுத்த இருப்பு அறிக்கையில் 1,15,200 கிலோதான் போக வேண்டும். பழைய 1,25,500-ஐ இன்னொரு மாதம் இழுக்கக்கூடாது. இருப்பின் மதிப்பு ₹29 லட்சத்தைத் தாண்டி நிற்பதால் எடை பத்து டன் குறைந்தாலும் எடுக்கக்கூடிய கடன் அந்த அளவுக்குக் குறையாது. ஈரக் கணக்குத் தாளையும் அறிக்கையோடு இணைத்துவிட்டால் வங்கி ஆய்வாளர் குடோனுக்கு வரும்போது அதே தாளை வைத்து எண்ணிக்கொள்வார்.